ரிப்போர்ட் தினமும் போகுது... படிக்கிறது யாரு?



டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மில்லிலோ, தொழிற்சாலையிலோ டிரெய்னியாகச் சேரப் போகிறோம். திண்டுக்கல்லைச் சுற்றி வேடசந்தூர் ரோடு, நத்தம் ரோடு, பழனி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் நூற்பாலைகள். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் தலையில் விழுகிற வேலை என்ன தெரியுமா? "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன். இந்த ரிப்போர்ட்டெல்லாம் காலையில ஒழுங்கா போகுதான்னு பார்த்துக்குங்க!"

ரிப்போர்ட் என்றால் ஒன்றா, இரண்டா? ஷிப்ட் உற்பத்தி, இழை அறுந்த கணக்கு, கழிவுப் பஞ்சு, கரண்ட் செலவு, பஞ்சு இருப்பு, வருகைப் பதிவு... எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே தயாராகி, விடிவதற்குள் ஈ-மெயிலில் போய் உட்கார்ந்துவிடும். யாரோ, எப்போதோ, "எனக்கு இது தினமும் வேணும்" என்று கேட்டிருப்பார். அவர் வேலையை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருக்கும். ரிப்போர்ட் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்கும்!

போனால் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம் என்று தோன்றலாம். ஒருவருக்குத் தினமும் பதினைந்து ரிப்போர்ட் வந்தால் அவர் எதையும் திறக்க மாட்டார். அந்தப் பதினைந்தில் அன்றைக்கு அவர் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய ஒன்றும் சேர்ந்தே அமுங்கிப் போகும். நஷ்டம் அங்கேதான். ஆகவே எந்த ரிப்போர்ட்டை யார் திறக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, யாரும் படிக்காததை எப்படிப் பத்திரமாக நிறுத்துவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அனுப்புவது வேறு, திறப்பது வேறு

இது நம்ம ஊர் மில்லுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. உலக வங்கி தன்னுடைய கொள்கை அறிக்கைகளையே இப்படிச் சோதித்துப் பார்த்து 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இணையதளத்தில் போட்டிருந்த அந்த அறிக்கைகளில் சுமார் 31 சதவீதம் ஒரு தடவைகூட டவுன்லோட் ஆகவில்லை என்று தெரிந்தது. மாதக்கணக்கில் நிபுணர்கள் உட்கார்ந்து எழுதியவற்றுக்கே இந்தக் கதி என்றால், கம்ப்யூட்டர் தானாகத் துப்புகிற ரிப்போர்ட்டுக்குக் கேட்கவா வேண்டும்?

சரி, நம் மில்லில் எப்படிக் கண்டுபிடிப்பது? போய்க் கேட்டால் போதாதா என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். "இந்த ரிப்போர்ட் வேணுமா சார்?" என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "ஆமா ஆமா, இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லி நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆகவே வாய் சொல்வதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் பதிவைப் பார்க்க வேண்டும்.

பல அலுவலகங்களில் ரிப்போர்ட் அனுப்பும் வேலையை மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற மென்பொருள் செய்கிறது. 2004-இல் வந்தது. இப்போது அதன் இடத்துக்கு பவர் பி.ஐ. ரிப்போர்ட் சர்வர் வந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே, எந்த ரிப்போர்ட் எப்போது ஓடியது, யார் பெயரில் ஓடியது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போல எழுதி வைக்கின்றன. அந்த நோட்டுக்குப் பெயர் `ExecutionLog3`.

இதில் `RequestType` என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அதுதான். கால அட்டவணைப்படி ரிப்போர்ட் தானாக ஓடி மெயிலில் போயிருந்தால் அங்கே `Subscription` என்று இருக்கும். ஒரு மனிதர் தானே உள்ளே வந்து திறந்திருந்தால் `Interactive` என்று இருக்கும். இதைப் பிரிக்காமல் மொத்தமாக எண்ணினால், ஒருவருமே படிக்காத ரிப்போர்ட் "90 நாளில் 90 தடவை ஓடியது" என்று முதல் இடத்தில் வந்து நிற்கும்! எண்ண வேண்டியது `Interactive` வரிகளை மட்டும்தான்.

```sql
SELECT c.Path,
  COUNT(DISTINCT e.UserName) AS Persons,
  COUNT(DISTINCT CAST(e.TimeStart AS date)) AS Days,
  MAX(e.TimeStart) AS LastOpened
FROM Catalog c
LEFT JOIN ExecutionLog3 e
  ON e.ItemPath = c.Path
 AND e.RequestType = 'Interactive'
WHERE c.Type = 2
GROUP BY c.Path
ORDER BY Days;
```

`ReportServer` என்ற டேட்டாபேஸில் இதை ஓட்ட வேண்டும். `Catalog` என்பது இருக்கிற ரிப்போர்ட் எல்லாவற்றின் பட்டியல். அதில் `Type` 2 என்றால் ரிப்போர்ட். பட்டியலை இடது பக்கம் வைத்து `LEFT JOIN` போட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவைகூடத் திறக்கப்படாத ரிப்போர்ட்டுக்கு நோட்டில் வரியே இருக்காது. நோட்டை மட்டும் பார்த்தால் நாம் தேடுகிற ஆளே கண்ணில் பட மாட்டார். வராத மாணவனைக் கண்டுபிடிக்க வருகைப் பதிவேட்டைத்தானே பார்க்கிறோம்? அதே கதைதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். எத்தனை தடவை என்று எண்ணாமல் எத்தனை நாள், எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். ஒரே ஆள் ஒரே ரிப்போர்ட்டில் பக்கம் புரட்டினாலும், வரிசை மாற்றினாலும், எக்செலுக்கு மாற்றினாலும் புது வரி விழலாம். அதனால் தடவைக் கணக்கு ஏமாற்றும். சோதித்துப் பார்க்க நாமே திறந்ததும் நோட்டில் ஏறியிருக்கும். நம் பெயரைக் கழித்துவிட மறக்க வேண்டாம்.

மெயிலுக்குள் போனது தெரியாது

இங்கே ஒரு சிக்கல். ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆக மெயிலோடு இணைத்து அனுப்பினால், மேனேஜர் அதைத் திறந்தாரா இல்லையா என்று நம் சர்வருக்குத் தெரியவே தெரியாது. தபால்காரர் கவரைப் போட்டுவிட்டு வந்ததோடு சரி.

மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படம் ஒன்றை வைத்து, அது எப்போது சர்வரிலிருந்து இறங்குகிறது என்று பார்த்தால் மெயில் திறந்தது தெரியும் என்று சிலர் சொல்வார்கள். அதை இப்போது நம்ப முடியாது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் மென்பொருளில், ஆள் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்கி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. பலர் அதைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் தூங்கிக்கொண்டிருந்தாலும் "திறந்தார்" என்று பதிவாகும்.

நேர்வழி சுலபமானது. அனுப்பும் ஏற்பாட்டில் `Include Report` என்பதை எடுத்துவிட்டு `Include Link` என்பதை மட்டும் வையுங்கள். இப்போது மெயிலில் ஒரு சுட்டிதான் போகும். வேண்டியவர் அதைத் தட்டி, தன் பெயரில் உள்ளே வந்து பார்ப்பார். நோட்டில் `Interactive` என்று அவர் பெயரோடு விழும். இதற்கு ஒரு விலையும் உண்டு. மில்லுக்கு வெளியே இருப்பவர், பஸ்ஸில் போனில் பார்ப்பவர் போன்றவர்களுக்குச் சுட்டி திறக்காமல் போகலாம். அவர்களிடம் முதலிலேயே பேசி வழி செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் "படிக்கவில்லை" என்று நாம் எழுதுவது அவர்கள் குற்றமாக இருக்காது, நம் ஏற்பாட்டின் குற்றமாக இருக்கும்.

அறுபது நாள் பொறி

அடுத்தது பலரும் விழுகிற குழி. இந்த நோட்டு எல்லாக் காலத்துக்கும் இருக்காது. நாமாக மாற்றாவிட்டால் 60 நாள் பதிவை மட்டுமே வைத்துக்கொண்டு பழையதைச் சர்வரே அழித்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் ரிப்போர்ட்டும், மார்ச் முடிந்து ஆடிட்டர் வரும்போது மட்டும் திறக்கும் ரிப்போர்ட்டும் அந்த 60 நாள் ஜன்னலில் தெரியவே தெரியாது. "யாரும் தொடவில்லை" என்று நிறுத்திவிட்டால் ஏப்ரலில் தெரியும் சேதி!

ஆகவே வேலையைத் தொடங்கும் முதல் நாளே செய்ய வேண்டியது `ExecutionLogDaysKept` என்ற அமைப்பை 60-இலிருந்து 400-க்கு ஏற்றுவது. ஒரு முழு வருஷமும் கொஞ்சம் மேலேயும் கிடைக்கும். அதற்கு முன்னால் முடிவெடுக்க வேண்டியிருந்தால், தினசரி ரிப்போர்ட்டுகளை மட்டும் தொடுங்கள். மாத, காலாண்டு, வருட ரிப்போர்ட்டுகளை ஒரு சுற்று முடியும்வரை விட்டுவிடுங்கள்.

ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம்

வெறும் விதியாகச் சொன்னால் மனசில் நிற்காது. கணக்குக்காக ஒரு கற்பனை மில்லை எடுத்துக்கொள்வோம். தினமும் 24 ரிப்போர்ட் தானாகப் போகிறது. எல்லாவற்றையும் சுட்டியாக மாற்றி, 90 நாள் பொறுத்திருந்து, மேலே சொன்ன வினாவை ஓட்டுகிறோம். 9 ரிப்போர்ட்டுக்கு ஆள் எண்ணிக்கை சைபர். "ஆஹா, ஒன்பதையும் நிறுத்திடலாம்!" என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். சைபர் இல்லாதவற்றிலிருந்தே தொடங்குவோம்.

இழை அறுந்த கணக்கை 90 நாளும் ஒரே ஒரு பெயர்தான் திறந்திருக்கிறது. பெயர் `shed`. ஒரு ஆள் மட்டும் பார்க்கிற ரிப்போர்ட்டு என்று நினைப்போம். நேரில் போய்ப் பார்த்தால் சங்கதி வேறு. அது ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பெயர். காலை ஷிப்ட்டில் ஒருவர் திறந்து மூணு காப்பி பிரிண்ட் எடுத்து, ஒன்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார். ஸ்பின்னிங் மாஸ்டர், மேஸ்திரி, பிட்டர் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எந்த மிஷினில் அதிகம் அறுகிறது என்று போய் நிற்கிறார்கள். நோட்டில் ஒரே பெயர், ஆனால் மில்லிலேயே அதிகம் படிக்கப்படும் ரிப்போர்ட் அதுதான்! காகிதத்துக்கு மாறியதைக் கம்ப்யூட்டர் எண்ணாது. அதனால் ஆள் கணக்கு ஒன்று, இரண்டு என்று வந்தால், அந்த ஆளிடம் போய் "இதை எடுத்து என்ன செய்வீங்க?" என்று கேட்டே ஆக வேண்டும்.

பஞ்சு, நூல் இருப்பு ரிப்போர்ட்டு 90 நாளில் 3 நாள் மட்டும் திறந்திருக்கிறது. மூன்றும் மாதத் தொடக்கத்தில், அக்கவுண்ட்ஸ் பிரிவில். விசாரித்தால், கடன் கொடுத்த பாங்குக்கு மாதாமாதம் இருப்புக் கணக்கு கொடுக்க அது வேண்டும். இதை நிறுத்தக்கூடாது. தினமும் போவதை மாதம் ஒன்றாக மாற்றினால் போதும்.

இப்போது சைபர் வாங்கிய ஒன்பதுக்கு வருவோம். அதில் ஒன்று, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று மிஷின் வாரியாகக் காட்டும் ரிப்போர்ட். மில்லில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் கரண்ட் ஒன்று. அந்த ரிப்போர்ட்டை ஒருவரும் பார்க்கவில்லை என்றால் அதை நிறுத்துவதா? திறந்து பார்த்தால் 11 பக்கம். எல்லா மிஷினும், எல்லா ஷிப்ட்டும், ஒரே அளவு எழுத்தில். எது மோசம் என்று கண்டுபிடிக்க 11 பக்கமும் படிக்க வேண்டும். யார் படிப்பார்? வேண்டாத ரிப்போர்ட்டு இல்லை நண்பர்களே, படிக்க முடியாத ரிப்போர்ட்டு! போன மாத சராசரியைவிட அதிகம் இழுத்த மிஷின்களை மட்டும் ஒரே பக்கத்தில் காட்டும்படி மாற்றி, இன்னொரு 90 நாள் பார்க்க வேண்டும். படிக்கப்படாதது எல்லாம் வேண்டாதது ஆகாது. நோட்டு "யாரும் திறக்கவில்லை" என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதை நாம்தான் நடந்துபோய்க் கேட்க வேண்டும்.

மீதி எட்டில், இரண்டு ஒரே உற்பத்திக் கணக்கை இரண்டு விதமாகக் காட்டுபவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். ஆறு நிஜமாகவே ஆளில்லாதவை. ஒன்று வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்குப் போகிறது. இன்னொன்று வருகைப் பதிவு. ரேகை வைக்கும் மிஷினின் திரையிலேயே அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற நான்கும் இதே போல. இந்த ஆறும்தான் நிறுத்தும் பட்டியல்.

பூட்டுங்கள், சாவியை எறியாதீர்கள்

நிறுத்துவது என்றால் அழிப்பது இல்லை. ஒரே வீச்சில் பட்டியல் போட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அரசுத் துறைகள் அனுப்பும் ரிப்போர்ட்டுகள் மலையாகக் குவிந்ததால், 1995-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பட்டியலில் உள்ள ரிப்போர்ட்டுகளை அனுப்பும் கட்டாயம் ஒரு கெடுவுக்குப் பிறகு தானாகவே ஒழியும். கெடு 2000 மே மாதம் முடிந்தது. அந்தப் பட்டியலில் அவர்களுடைய மத்திய வங்கி வருடம் இருமுறை கொடுக்கும் பணக்கொள்கை அறிக்கையும் சிக்கிக்கொண்டது! உலகமே காத்திருந்து படிக்கிற அறிக்கை அது. அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு சட்டம் போட்டு அந்தக் கடமையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நம்ம ஊர் பூட்டுக்குப் பேர் போனது. அந்த வழியிலேயே போவோம். முதலில், ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வாங்குபவர்களுக்கு, "அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து இது வராது. வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு மெயில். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது எதுவும் பட்டியலில் உண்டா என்று பர்சனல் பிரிவிலும் அக்கவுண்ட்ஸிலும் ஒரு வார்த்தை. வேறு ஏதாவது புரோகிராம் இந்த பைலை எடுத்துப் பயன்படுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை ஒரு போல்டரில் போட்டு வைத்தால், அங்கிருந்து ஒரு எக்செல் தாள் தினமும் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வாசகர் மனிதர் இல்லை என்பதால் `Interactive` வரிகளில் வரவே மாட்டார்.

சொன்ன தேதியில், அனுப்பும் ஏற்பாட்டை முடக்கி வையுங்கள். அழிக்க வேண்டாம். ரிப்போர்ட் அதே இடத்தில் இருக்கட்டும். வேண்டியவர் வந்து திறக்கலாம். இனி காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். யாராவது கத்துகிறார்களா? நம் கற்பனை மில்லில், ஆறில் ஒன்றுக்கு இரண்டாவது மாதத்தில் ஆடிட் பிரிவிலிருந்து போன் வருகிறது. "வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனா அது இல்லாம முடியாதுப்பா!" முடக்கியதைத் திறந்துவிட ஒரு நிமிஷம் போதும். வருஷத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடுகிறோம். கத்தல் இல்லாத ஐந்தையும் ஒரு முழு வருஷம் கழித்து எடுத்துவிடலாம். அப்போதும் அதன் வடிவ பைலையும் வினாவையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வோம்.

கூட்டிக் கழித்தால் 24-இல் ஐந்து நின்றது, இரண்டு ஒன்றானது. மீதி 18. "இவ்வளவு பாடுபட்டு ஆறுதானா?" என்று கேட்பீர்கள். ஆனால் அந்த 18-இல் இரண்டு இனி தினமும் வராது. 11 பக்கம் ஒரு பக்கம் ஆகியிருக்கிறது. எது யாருக்கு, எதற்கு என்று மில்லில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

யாரைக் கண்காணிக்கிறோம்?

கடைசியாக ஒரு விஷயம். அந்த நோட்டில் மனிதர்களின் பெயர் இருக்கிறது. "எந்த மேனேஜர் ரிப்போர்ட் பார்க்கவே இல்லைன்னு லிஸ்ட் எடுத்துக் குடுப்பா" என்று மேலிடத்தில் யாராவது கேட்கலாம். டிரெய்னியான நமக்கு மறுக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்த லிஸ்ட் ஒரு தடவை வெளியே போனால், அடுத்த நாள் காலையிலிருந்து எல்லோரும் எல்லா ரிப்போர்ட்டையும் திறந்து, அப்படியே மூடிவிடுவார்கள். எண்ணிக்கை நூற்றுக்கு நூறு. படித்தவர் யார் என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. "சார், ரிப்போர்ட் வாரியா எத்தனை பேர்னு தர்றேன். ஆள் வாரியா வேண்டாம், கணக்கே கெட்டுடும்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பெயரைப் பார்ப்பது போய்க் கேட்பதற்கு மட்டும்தான்.

ஆகவே நண்பர்களே, வேலையில் சேர்ந்ததும் உங்கள் கையில் ஒரு ரிப்போர்ட் பட்டியல் தரப்பட்டால், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால் `ExecutionLogDaysKept` எத்தனை என்று பாருங்கள். 60 என்று இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு செய்யலாம். அழிந்த பதிவை மட்டும் பிறகு கொண்டுவர முடியாது.